ஆணை வருவதற்கு முன் ஒரு வாழ்த்து

அன்புள்ள சார்,

நானும் என் தோழியும் நான்கு வருடமாகச் சேர்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படித்தோம். போன வாரம் முடிவு வந்தது. அவள் பாஸ். ஒட்டுமொத்த ரேங்க், எம்பிசி ரேங்க் இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன (எண்களை நீக்கியிருக்கிறேன்). எனக்கு ரேங்க் ரொம்பப் பின்னால் போய்விட்டது. கல்யாணமாகி, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்தவள் அவள். அவளுக்காக ஒரு வாழ்த்துப் பதிவு எழுதி வைத்திருக்கிறேன். "எங்கள் ஊரின் முதல் பெண் கிராம நிர்வாக அலுவலருக்கு வாழ்த்துகள்" என்று தொடங்குகிறது. ரேங்க் பக்கத்தின் படத்தையும், முயற்சி திருவினையாக்கும் குறளையும் சேர்த்திருக்கிறேன். நடை சரியாக இருக்கிறதா? குறள் பழசாகத் தெரிகிறதா? நான் தேறவில்லை என்பதையும் அதில் சொல்லலாமா?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா,

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நடையில் ஒரு குறையும் இல்லை. குறள் இருக்கட்டும், எடுத்துவிட்டாலும் நஷ்டமில்லை. உங்கள் தோழியிடம் என் வாழ்த்தையும் சொல்லுங்கள். லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் அந்த இடத்துக்கு வருவது லேசான காரியம் இல்லை.

ஆனால் அந்த முதல் வரியை இன்றைக்கே அழித்துவிடுங்கள். உங்கள் தோழி இன்னும் கிராம நிர்வாக அலுவலர் ஆகவில்லை. பட்டியலில் எண் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நான்கு வருடம் இந்தத் தேர்வுக்குப் படித்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்போது விஏஓ தேர்வு தனியாக நடக்கும். குரூப் 4-இல் அது சேர்ந்தது 2018-இல்தான். என் நண்பன் ஒருவன் அந்தத் தேர்வு எழுதினான். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலில் அவன் எண் இருந்தது. பெட்டிக்கடையில் பேப்பரை விரித்து, விரலை வைத்து வரிசையாகத் தேடி, எண்ணைக் கண்டுபிடித்தவன் நான். சாயங்காலத்துக்குள் பஸ் நிறுத்தத்தில் பேனர் ஏறிவிட்டது. "கிராம நிர்வாக அலுவலராகத் தேர்வு பெற்ற" என்று அவன் பெயருக்கு மேலே போட்ட வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. மஞ்சள் துணி, சிவப்பு எழுத்து. பெயிண்டர் "தேர்வு பெற்ற" என்பதில் "ற்" போட மறந்துவிட்டார் என்று திரும்ப ஏணி வைத்துத் திருத்த வைத்தேன். எழுத்துப் பிழை என் கண்ணில் பட்டது, விஷயத்தில் இருந்த பிழை படவில்லை.

இருக்கும் இடங்களைவிட அதிகம் பேரைத்தான் சரிபார்ப்புக்கு அழைப்பார்கள். அவன் போனான், காகிதமெல்லாம் சரியாக இருந்தது, அவன் வரிசை வருவதற்குள் அவன் பிரிவில் இடம் தீர்ந்துவிட்டது. யார் தவறும் இல்லை. ஊருக்கு அது எப்படிப் புரியும்? "என்னப்பா, விஏஓ, எந்த ஊருக்குப் போட்டாங்க?" என்று டீக்கடையில் கேட்டார்கள். முதலில் அக்கறையாகக் கேட்டார்கள். பிறகு "விஏஓ" என்பதே அவன் பெயராகிவிட்டது. சிட்டா வேண்டும் என்று அவனிடம் விளையாட்டாகக் கேட்டவர்களும் உண்டு. அவன் டீக்கடையை மாற்றினான். அப்புறம் ஊரையே மாற்றிக்கொண்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போனான். அவன் போன பிறகும் அந்த பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழையில்தான் கிழிந்தது. நான் கழற்றியிருக்க வேண்டும். கழற்றினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

இப்போது உங்கள் தோழியின் நிலைமைக்கு வருவோம். அவர் எண்களை வைத்து இங்கே நான் கணக்குப் போட மாட்டேன். சின்ன எண்ணில் சொல்கிறேன், நீங்கள் வீட்டில் உட்கார்ந்து அவருடைய எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

நம் மாநிலத்தில் இனச் சுழற்சி 200 இடங்களுக்கு ஒரு சுற்று. அதில் பொது 62, பிசி 53, பிசி முஸ்லிம் 7, எம்பிசி 40, எஸ்சி 30, அருந்ததியர் 6, எஸ்டி 2. மொத்தமே 200 இடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொது இடம் 62 என்பது யாருக்கும் ஒதுக்கியது இல்லை. ஒட்டுமொத்த ரேங்கில் முதலில் நிற்கும் 62 பேர், எந்தப் பிரிவாக இருந்தாலும், அங்கே போய்விடுவார்கள். அந்த 62 பேரில் 20 பேர் எம்பிசி என்றால், எம்பிசிக்கான 40 இடம் எம்பிசி ரேங்க் 21-இலிருந்து தொடங்கும். 60 வரை உள்ளவர்கள் உள்ளே. 61 வெளியே.

இதோடு முடிந்தால் சுலபம். அந்த 40-க்குள் பெண்களுக்கு 30 விழுக்காடு, அதாவது 12. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு, அதாவது 8. இந்த 40 பேரில் தமிழ் வழிச் சான்றிதழோடு வந்தவர்கள் 8 பேருக்குக் குறைவாக இருந்தால், பின்னால் இருப்பவர்களிலிருந்து அந்தச் சான்றிதழ் உள்ளவர்கள் மேலே வருவார்கள். எம்பிசி ரேங்க் 75-இல் இருக்கும் ஒரு பெண் அப்படி உள்ளே வர முடியும். அந்தச் சான்றிதழ் இல்லாத 60-ஆவது ஆள் அப்போது வெளியே போவார். சான்றிதழ் சரியில்லை என்று தள்ளப்பட்டால் அதே 75 வெறும் 75-தான், வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு காகிதத்துக்கு இவ்வளவு எடை இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன். முடிவு வந்த மறுநாள் எல்லாரும் கேக் வெட்டுகிறார்கள். நியாயமாக அன்றைக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டியது இரும்புப் பெட்டியில் இருக்கும் பழைய டிசியை.

தமிழ் வழிச் சான்றிதழையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் சட்டம் வந்தபோது, பதவிக்குரிய கல்வித் தகுதியை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதும் என்று இருந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்பு. ஆக, ஒன்று முதல் பத்து வரை ஒரு வருடம் விடாமல் கணக்குக் காட்ட வேண்டும். உங்கள் தோழி கிராமத்துப் பெண் என்றால் பெரும்பாலும் மூன்று பள்ளி. ஐந்து வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, எட்டு வரை பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி, பிறகு உயர்நிலைப் பள்ளி. மூன்று தலைமை ஆசிரியர்களிடமும் தனித்தனியாக வாங்க வேண்டும்.

எல்லாரும் கோட்டை விடுவது அந்தத் தொடக்கப் பள்ளியில்தான். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர், "நம்ம பிள்ளைதானே" என்று "ஒன்று முதல் பத்து வரை தமிழ் வழியில் படித்தார்" என்று எழுதி முத்திரை குத்திவிடுவார். ஆனால் அந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்பில்தான் சேர்ந்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்புக்கு அவர் எப்படிச் சான்று தர முடியும்? சரிபார்க்கும் அலுவலர் டிசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். தேர்வாணையம் கொடுத்திருக்கும் படிவத்திலேயே, எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று பிரித்துத்தான் கேட்கிறார்கள். மூன்று சான்றிதழையும் வரிசையாக வைத்தால் ஆண்டுகள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு வருடம் இடைவெளி விழுந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கல்வி அலுவலர் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் அதற்கு நாள் ஆகும். பதிவேற்றம் செய்யக் கொடுப்பது கொஞ்ச நாள்தான். தேதி தாண்டினால் திரும்ப வாய்ப்புக் கேட்க முடியாது. அழைப்பு வந்த பிறகு ஓடுகிறவர்களில் பாதிப் பேர் அலைவது இந்த ஒரு காகிதத்துக்காக.

இன்னொன்று. நீங்கள் போகிற போக்கில் "கல்யாணமாகி" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே என் மனம் திக்கென்றது. அவருடைய சாதிச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது? கல்யாணத்துக்குப் பிறகு இ-சேவை மையத்தில் புதிதாக எடுத்திருந்தால், கணவர் பெயரைப் போட்டு எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. தேர்வாணையம் அதை ஏற்காது. தகப்பனார் பெயரில்தான் இருக்க வேண்டும். கணவர் பெயரில் உள்ள சான்றிதழோடு போனால் எம்பிசி என்ற உரிமையே போய்விடும், பொதுப் பிரிவில் வெறும் ஒட்டுமொத்த ரேங்கை வைத்து நிற்க வேண்டியிருக்கும். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். முதல் 62 பேருக்குள் வராத ஒருவருக்கு அதன் பிறகு என்ன மிஞ்சும்? நான்கு வருடப் படிப்பு ஒரு பெயரில் போய்விடும். பள்ளியில் படிக்கும்போது எடுத்த பழைய அட்டைச் சான்றிதழ் அம்மா வீட்டில் இருக்கும். அதைத் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் தகப்பனார் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே.

அந்த ரேங்க் பக்கத்தின் படத்தைப் போடவே போடாதீர்கள். பதிவெண் அதில் தெரியும். பிறந்த தேதி தெரிந்த யாரும் அவர் முடிவைத் திறந்து பார்க்கலாம், அவர் பிறந்தநாளுக்குப் போன வருடம் நீங்களே ஒரு பதிவு போட்டிருப்பீர்கள். போதாக்குறைக்குத் தரகர்கள் வேறு. பட்டியலில் பெயர் வந்தவர்களைத் தேடிப் பிடித்து, "நல்ல துறை வாங்கித் தருகிறேன், சொந்த மாவட்டத்திலேயே போடச் சொல்கிறேன்" என்று பேரம் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கலந்தாய்வில் ரேங்க் வரிசைப்படிதான் கூப்பிடுகிறார்கள், மீதமிருக்கும் இடத்தில் எது வேண்டும் என்று அவரேதான் சொல்லப் போகிறார். இதில் யாரும் எதையும் வாங்கித் தர முடியாது. ஆனால் குழந்தையோடு வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணிடம், அவர் கணவரிடம், மாமனாரிடம் அந்தப் பேச்சு எடுபடும். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் தரகர்களை வைத்து நடந்த முறைகேடு உங்களுக்குத் தெரியும். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதிய 99 பேருக்கு வாழ்நாள் தடை. அந்த 99 வீட்டிலும் இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்து பேசியிருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

"விஏஓ" என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. குரூப் 4-இல் இளநிலை உதவியாளர், தட்டச்சர் என்று எத்தனையோ பதவிகள் இருக்கின்றன. அவர் முறை வரும்போது விஏஓ இடம் மிச்சம் இருக்குமா என்பது அவருக்கு முன்னால் போனவர்கள் எதை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இடம் இருந்தாலும், வேலை பார்க்கும் கிராமத்திலேயே தங்க வேண்டிய வேலையை, கைக்குழந்தையோடு அவர் எடுப்பாரா? தாலுகா அலுவலகத்தில் ஒரு மேசையை எடுத்துக்கொள்ளலாம். அது அவர் முடிவு. ஊர் பூராவும் விஏஓ என்று சொல்லிவிட்ட பிறகு, அங்கே திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவர் யாருக்காகத் தேர்ந்தெடுப்பார்? இரண்டு பதவிக்கும் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஒரே 19,500 ரூபாய்தான். வித்தியாசம் ஊர்க்காரர்களின் வாயில்தான் இருக்கிறது.

சரி, திட்டியது போதும்.

கா, உங்கள் பதிவில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது. நடுவில், பாராவின் கடைசியில் ஒளிந்துகொண்டிருக்கிறது. தேர்வு முடிந்து வெளியே வந்ததும் அவர் உங்களிடம் முதலில் கேட்டது, "ஈ எத்தனை போட்டே?" என்று. பதில் தெரியாத கேள்விகளுக்கு ஈ வட்டத்தைக் கறுப்பாக்கி, கடைசியில் ஏ எத்தனை, பி எத்தனை, ஈ எத்தனை என்று எண்ணி, கூட்டினால் 200 வருகிறதா என்று பார்த்துக் கட்டத்தில் எழுத வேண்டும். எண்ணிக்கை தப்பினால் மதிப்பெண் குறையும். மூன்று மணி நேரம் எழுதிக் களைத்த கண்ணோடு, கறுப்புப் பேனாவால் நிழலிட்ட வட்டங்களை வரிசை வரிசையாக எண்ணும் அந்தச் சில நிமிடங்கள் தேர்வு எழுதியவர்களுக்குத்தான் தெரியும். அவர் உங்களைக் கேட்டிருக்கிறார். நீங்கள் ஒரு எண் சொல்லியிருக்கிறீர்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் எண் உங்களுடையதைவிடக் குறைவு என்று அப்போதே இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். உங்கள் பதிவில் இருக்கும் "உழைப்பால் உயர்ந்த" எல்லாம் யாரும் யாருக்கும் எழுதலாம். இதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது.

நீங்கள் தேறாததைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியிலேயே அது இருக்கிறது, தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதை எழுதும்போது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது அம்மா. அப்படியிருந்தும் நீங்கள் முதலில் நினைத்தது அவருக்கு வாழ்த்து எழுத வேண்டும் என்பதை. என் நண்பனுக்கு நான் அந்த பேனரை எழுதியதும் அன்பால்தான், உங்கள் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது போகும் திசையைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

பதிவை வைத்திருங்கள். அதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தொடக்கப் பள்ளிக்குப் போங்கள். குழந்தையை அவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும், அலையும் வேலையை நீங்கள் பாருங்கள். படிவத்தைத் தேர்வாணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து மூன்று பிரதி கொண்டு போங்கள். கையால் எழுதிய லெட்டர்பேடில் கொடுத்தால் வாங்காதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலும் கையில் இருக்கட்டும். சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தாத்தா போய்ச் சொல்லி, "முத்துலட்சுமி" வெறும் "லட்சுமி" ஆகியிருக்கும். இப்படி எத்தனையோ வீட்டில் நடந்திருக்கிறது. அப்படி இருந்தால் அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் சொல்லி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். தலைமை ஆசிரியரின் கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று பார்க்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். ஓராசிரியர் பள்ளியாக இருந்தால் முதல் நாளே போனில் கேட்டுவிட்டுப் போங்கள். கூட்டம், பயிற்சி என்று அவர் ஒன்றியத்துக்குப் போயிருந்தால் பள்ளியில் முத்திரை குத்த ஆள் இருக்காது.

நியமன ஆணை கைக்கு வந்த அன்று, என்ன பதவி, எந்த ஊர் என்று அதில் அச்சாகியிருப்பதைப் பார்த்து முதல் வரியைத் திருத்தி எனக்கு அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன். அதற்கு முன், அந்தப் பழைய பதிவேட்டில் அவர் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள். அது தெரியும் வரை எனக்கு நிம்மதி இருக்காது.

அன்புடன்.